2 நாள் வேலைக்கு 54 நாள்: ஆஸ்பத்திரி கட்டுமானத்துல அப்ரூவல் எங்க நிக்குது?

எண்ணூர் அசோக் லேலண்ட், திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு மாதிரி கம்பெனிகள்ல வேலை பாத்தவங்க நம்ம டோல்கேட் பக்கத்துல தெருவுக்குத் தெரு இருக்காங்க. லைன் ஓரமா அரைகுறையா முடிஞ்ச பாகம் குவிஞ்சு கிடந்தா அவங்க கண்ணுக்கு அது உடனே படும். எங்கயோ வேலை நிக்குதுன்னு அர்த்தம். ஒரு ஆஸ்பத்திரி கட்டற ப்ராஜெக்ட்லயும் அதே குவியல் இருக்கு. ஆனா அது மெயில் பெட்டிக்குள்ள, யாரோ ஒருத்தர் மேஜை மேல கிடக்கிற டிராயிங்கா இருக்கு. யார் கண்ணுக்கும் தெரியாது. அதைக் கண்ணுக்குத் தெரிய வைக்கிற படம்தான் வேல்யூ ஸ்ட்ரீம் மேப். இன்னைக்கு ஒரே ஒரு டிராயிங்கைப் பின்தொடர்ந்து போய்ப் பாக்கலாம்.

டோல்கேட்டுல 100 படுக்கை ஆஸ்பத்திரி ஒண்ணு எழும்புதுன்னு வெச்சுக்குவோம். கணக்குக்காக நான் சொல்ற உதாரணம்தான். ஐ.சி.யூ.வுக்கு மெடிக்கல் கேஸ் பைப்லைன் போடணும். ஆக்ஸிஜன், மெடிக்கல் ஏர், வேக்யூம் மூணும் ஒவ்வொரு படுக்கைத் தலைமாட்டுக்கும் வரணும். அதுக்கான ஷாப் டிராயிங் அப்ரூவ் ஆகாம ஒரு அடி காப்பர் பைப் வாங்க முடியாது, சீலிங் மூட முடியாது.

டிராயிங் போற வழி இது. சப் கான்ட்ராக்டர் போட்டதை மெயின் கான்ட்ராக்டர் சரிபாப்பார், 2 மணி நேர வேலை. பி.எம்.சி. ஆபீஸ் பதிவு பண்ணி அனுப்பும், அரை மணி. எம்.இ.பி. கன்சல்டன்ட் 3 மணி, ஆர்க்கிடெக்ட் 1 மணி, ஆஸ்பத்திரியோட பயோமெடிக்கல் இன்ஜினியர் 1 மணி. திருப்பி அனுப்பற கடிதம் அரை மணி. கூட்டினா 8 மணி நேரம், அதாவது ஒரு நாள் வேலை.

[திரையில்: ஒவ்வொரு பெட்டிக்குக் கீழே வேலை நேரம், பெட்டிகளுக்கு நடுவே காத்திருந்த நாள்]

இப்ப நடுவுல பாருங்க. மெயின் கான்ட்ராக்டர் வாரம் ஒரு தடவைதான் கட்டுக் கட்டா அனுப்புவார், அதனால அங்க 4 நாள். பி.எம்.சி.ல 2 நாள். எம்.இ.பி. கன்சல்டன்ட் கிட்ட 7, ஆர்க்கிடெக்ட் கிட்ட 5, ஆஸ்பத்திரில 4, திரும்பி வர 2. ஒரு சுத்துக்கு 24 நாள் ஆச்சு. அதோட முடிஞ்சா பரவாயில்ல. 'திருத்தி மறுபடி அனுப்பவும்'னு முத்திரை குத்தி வருது. திருத்த 6 நாள், அப்புறம் மறுபடி அதே 24 நாள். மொத்தம் 54 நாள். ரெண்டு சுத்துலயும் சேத்து டிராயிங்கை ஒருத்தர் கையில எடுத்துப் பாத்த நேரம் 2 நாள்தான்.

இந்த இடத்துல எல்லா ப்ராஜெக்ட் மேனேஜரும் முதல்ல பண்றது, கன்சல்டன்டுக்கு போன் போட்டு "சார், சீக்கிரம் பாத்துக் கொடுங்க"ன்னு கேக்கறது. அவர் மனசு வெச்சு 7 நாளை 5 ஆக்கினார்னு வைங்க. ரெண்டு சுத்துல 4 நாள் மிச்சம், 54 நாள் 50 ஆகும். கன்சல்டன்ட், ஆர்க்கிடெக்ட், ஆஸ்பத்திரி மூணு பேருக்கும் ஒரே நேரத்துல அனுப்பினா ஒரு சுத்து 24 நாள்லருந்து 15 நாளா குறையும். அது நல்ல லாபம். ஆனா அதை விடப் பெரிசு ஒண்ணு இருக்கு. முதல் தடவையே டிராயிங் தேறிட்டா, வேற எதையும் மாத்தாமலே 30 நாள் மிச்சம்.

அதனாலதான் மேப்ல நாள் கணக்கோட இன்னொரு எண்ணும் எழுதணும். தன் கைக்கு வந்த பத்துல எத்தனை முழுசா, சரியா, மேற்கொண்டு யாரையும் கேக்காம வேலை செய்யற மாதிரி வந்துச்சுன்னு ஒவ்வொருத்தரையும் கேளுங்க. மூணு பேரும் "பத்துக்கு எட்டு"ன்னு சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா மூணு பேர் கையையும் தாண்டி முதல் தடவையே தேறறது 0.8-ஐ மூணு தடவை பெருக்கினா வர்ற எண். அது 0.51. பாதிக்குப் பாதி திரும்பி வரும்.

ஏன் திரும்பி வருதுன்னு முத்திரைக்குப் பக்கத்துல இருக்கற குறிப்பைப் படிச்சா தெரியும். மெடிக்கல் கேஸ்ல ரெண்டு காரணம் அடிக்கடி வரும். ஒண்ணு, எந்த ஸ்டாண்டர்டுன்னு கான்ட்ராக்ட்ல தெளிவா எழுதியிருக்காது. வரையறவர் அமெரிக்காவோட என்.எஃப்.பி.ஏ. 99 படி வரைவார், பாக்கறவர் பிரிட்டனோட எச்.டி.எம். 02-01 படி பாப்பார். ஆபரேஷன் தியேட்டர் கருவிகளுக்கான காத்து அழுத்தத்துலயே ரெண்டும் வேற வேற. ரெண்டாவது, ஒரு ஐ.சி.யூ. படுக்கைக்கு எத்தனை ஆக்ஸிஜன் அவுட்லெட், எத்தனை வேக்யூம்னு டாக்டர்கள் இன்னும் முடிவே பண்ணியிருக்க மாட்டாங்க. டிராயிங் வந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பிப்பாங்க. ரெண்டும் வரைஞ்சவரோட தப்பு இல்ல. வரையறதுக்கு முன்னாடி ஐ.சி.யூ. டாக்டர், எம்.இ.பி. கன்சல்டன்ட், சப் கான்ட்ராக்டர் மூணு பேரும் ஒரு மணி நேரம் ஒண்ணா உக்காந்தா தீர்ற விஷயம்.

இதை ஒரு முழு ஆஸ்பத்திரிக்கே செஞ்சு பாத்த இடம் கலிபோர்னியாவுல காஸ்ட்ரோ வேலி. சட்டர் ஹெல்த்ங்கற நிறுவனம் அங்க ஈடன் மெடிக்கல் சென்டரைப் புதுசா கட்டிச்சு. 1971 பூகம்பத்துல ஆஸ்பத்திரிகளே இடிஞ்சு விழுந்ததால, அங்க ஆஸ்பத்திரி பிளானை மாநில அரசே வரி வரியா பாக்கும். 1994 பூகம்பத்துக்கு அப்புறம் பழைய கட்டடங்களுக்குச் சட்டக் கெடுவும் வந்துச்சு. வழக்கமான முறையில எல்லா டிராயிங்கையும் முடிச்சு ஒரே மூட்டையா கொடுக்கணும், அப்புறம் கேள்வி, திருத்தம், மறுபடி கேள்வி. ஈடன்ல உரிமையாளர், ஆர்க்கிடெக்ட், கான்ட்ராக்டர் உட்பட 11 தரப்பு ஒரே ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. டிசைன் வேலையையே வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பா சேந்து வரைஞ்சாங்க. அடுத்தவருக்கு என்ன தகவல், எவ்வளவு நுணுக்கமா, எப்ப வேணும்னு பின்னாலருந்து முன்னால போனாங்க. அரசு பரிசீலனையும் கட்டம் கட்டமா நடந்துச்சு. டிசைன் பாதியில இருக்கும்போதே அதிகாரிகள் பாத்துச் சொல்ல, முடிவான விஷயம் அங்கயே முடிஞ்சுச்சு. 2012 டிசம்பர்ல ஆஸ்பத்திரி திறந்துட்டாங்க.

அதை அப்படியே இங்க இறக்கிட முடியாது. சி.எம்.டி.ஏ., தீயணைப்புத் துறை வரிசையை உங்க மேப் குறைக்காது. அங்க நீங்க கொடுக்கற பொருளோட தரமும் கொடுக்கற தேதியும் மட்டும்தான் உங்க கையில. உதாரணத்துக்கு, சி.டி. ஸ்கேன் மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏ.இ.ஆர்.பி. அனுமதி வேணும். தாமதம்னா எல்லாரும் வாரியத்தைக் கை காட்டுவாங்க. ஆனா மேப் வரைஞ்சா, எந்தக் கம்பெனி மெஷின்னு பர்ச்சேஸ் கமிட்டி முடிவு பண்ணாததால விண்ணப்பமே போகாம கிடந்த நாள்கள் முதல் பெட்டிக்கு முன்னாடியே தெரியும்.

ஒரே நேரத்துல எல்லாருக்கும் அனுப்பறதுலயும் ஒரு ஆபத்து இருக்கு. ஆர்க்கிடெக்ட் சீலிங் உயரத்தை மாத்தினா, எம்.இ.பி. கன்சல்டன்ட் பாத்து முடிச்சது வீணாகும். மூணு பேர் குறிப்பும் ஒண்ணுக்கொண்ணு முரணா வந்தா யார் சொல்றது கடைசின்னு முன்னாடியே பேர் போட்டு எழுதி வைக்கணும். இல்லன்னா மிச்சம் பிடிச்ச 9 நாளும் வாக்குவாதத்துல போயிடும்.

முதல் மேப் வரையறவங்க நடைமுறைக் கையேட்டைப் பாத்து வரையாதீங்க. அதுல 'ஒவ்வொருவருக்கும் 7 நாள்'னுதான் இருக்கும். சமீபத்துல முடிஞ்ச அஞ்சு டிராயிங்கோட டிரான்ஸ்மிட்டல் தாளை எடுத்துக்கிட்டு, கடைசி முத்திரைல ஆரம்பிச்சுப் பின்னால வாங்க. வந்த தேதி, போன தேதி, திரும்பி வந்தா ஏன்னு ஒரு வரி. அந்த அஞ்சுல ஒரே காரணம் ரெண்டு தடவை வந்திருந்தா, முதல்ல அதைச் சரி பண்ணுங்க.