சி வடிவக் கட்டையிலிருந்து பைத்தானுக்கு

குழந்தைக்கு முதலில் ஸ்க்ராட்ச். எம்ஐடி மீடியா லேப் 2007இல் வெளியிட்ட இந்த இலவச மென்பொருளில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். இழுத்து ஒட்டினால் போதும், எழுத்துப்பிழைக்கே இடமில்லை.

ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். பேனா நீட்டிப்பைச் சேர்த்து, பேனாவை இறக்கி, ‘100 அடி நகர்’, ‘90 பாகை திரும்பு’ என்ற இரண்டையும் நான்கு முறை அடுக்குவார்கள். பிறகு ‘4 முறை செய்’ கட்டையைக் காட்டுங்கள். அது ஆங்கில சி எழுத்துபோல் வாய் திறந்திருக்கும். அந்த இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். அடுத்து முக்கோணம். பெரும்பாலான பிள்ளைகள் 60 பாகை கொடுப்பார்கள், கோடுகள் மூடாது. திரும்ப வேண்டியது வெளிக்கோணம், அதாவது 120. உடனே சொல்லிவிடாதீர்கள், அவர்களே பூனையோடு நடந்து பார்க்கட்டும்.

இதையே பைத்தானில் எழுதினால்:

```python
from turtle import *
for i in range(4):
    forward(100)
    right(90)
done()
```

சி கட்டையின் வாய் இங்கே வெறும் நான்கு இடைவெளிகளாகிவிட்டது. `right(90)` வரியை இடது ஓரத்துக்குத் தள்ளினால் பிழைச்செய்தி வராது; 400 அளவில் ஒரே நேர்க்கோடு வரும், ஆமை கடைசியில் ஒருமுறைதான் திரும்பும். ஸ்க்ராட்சில் அதே கட்டையை வாய்க்கு வெளியே வைத்தாலும் இதே கோடுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

முக்கோணத்தை உதவியில்லாமல் திருத்தும் பிள்ளையைத் தட்டச்சுக்கு மாற்றலாம். அதுவரை அவசரப்படுத்த வேண்டாம்.