வாசலில் ஆள் வந்தால் வீடியோ எங்கே போகிறது?

வாசல் கேமராக்களில் இப்போது ஒரு புது ரகம் விற்கிறது. வந்திருப்பது ஆளா, நாயா, காற்றில் ஆடும் வாழை இலையா என்பதைக் கேமராவே முடிவு செய்யும். ஆள் என்றால் உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். வீடியோ வீட்டைவிட்டு வெளியே போகாது. அட்டைப்பெட்டியில் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

கைக்குள் அடங்கும் கருவிக்கு ஆளை அடையாளம் காண முடியுமா என்று சந்தேகம் வரலாம். முடியும். அதற்குப் பெரிய கணினி தேவையில்லை. சிறிய சிப்புகளுக்காகக் கூகுள் வெளியிட்ட மாதிரி நிரல் ஒன்றின் அளவு சுமார் 250 கிலோபைட்தான். போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. கேமரா எடுத்த படத்தை அது 96 புள்ளி அகலம், 96 புள்ளி உயரம் என்று கறுப்பு வெள்ளையாகச் சுருக்கி, ஆள் இருப்பதற்கு ஒரு மதிப்பெண் போடும்.

தபால்காரர் கேட்டைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடல் வெப்பத்தின் அசைவை உணரும் சென்சார் கேமராவை எழுப்புகிறது. முதல் படத்துக்கு 100க்கு 58 மதிப்பெண். நாம் வைத்த எல்லை 70 என்பதால் கேமரா பேசாமல் இருக்கிறது. அவர் நான்கு எட்டு நடந்து வந்ததும் 84, அடுத்த படத்துக்கு 88. தொடர்ந்து இரண்டு முறை எல்லையைத் தாண்டியதால் செய்தி கிளம்புகிறது, வீடியோ மெமரி கார்டில் பதிவாகிறது. எல்லையை 50க்கு இறக்கினால் கொடியில் காயும் சட்டைகூட ஆளாகிவிடும். 90க்கு ஏற்றினால் ரெயின்கோட்டும் ஹெல்மெட்டுமாக வருபவரைக் கோட்டைவிடும். தலைக்கு மேலே செங்குத்தாகக் கேமராவை மாட்டினாலும் இதே தொல்லைதான், ஏனென்றால் மேலிருந்து பார்த்த மனித உருவங்களை இந்த நிரல்கள் அதிகம் கற்றிருக்காது.

இதுவரை வில்லங்கம் எதுவும் இல்லை. செய்தி போனுக்குப் போகும் பாதையில்தான் அது தொடங்குகிறது. நீங்கள் வெளியூரில் இருக்கும்போது கேமராவால் உங்கள் போனை நேராகத் தட்ட முடியாது. ஐபோன் என்றால் ஆப்பிளின் சர்வர், ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் கூகுளின் சர்வர் வழியாகத்தான் நோட்டிஃபிகேஷன் வரவேண்டும். அந்தச் செய்தியில் சுமார் 4 கிலோபைட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. 'வாசலில் ஆள்' என்ற வரிக்கு அது தாராளம். வந்தவரின் படமும் கூடவே தெரியவேண்டும் என்றால் அந்த இடம் போதாது. ஆகவே படத்தை இணையத்தில் ஒரு சர்வரில் ஏற்றிவிட்டு, அதன் முகவரியை மட்டும் செய்தியில் வைப்பதுதான் வழக்கமான ஏற்பாடு.

2022 நவம்பரில் யூஃபி நிறுவனம் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று விளம்பரம் செய்த நிறுவனம் அது. பிரிட்டனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் பால் மூர், தன் வாசல் கேமரா எடுத்த சிறுபடங்கள் கிளவுட் சர்வருக்குப் போவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். நோட்டிஃபிகேஷனில் படம் காட்டத்தான் அவை தற்காலிகமாக ஏற்றப்பட்டன, அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. தொழில்நுட்பக் காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வீடியோ போகவில்லை, முகம் மட்டும்தான் போனது என்பது வீட்டுக்காரருக்கு என்ன ஆறுதல்?

உங்கள் கேமரா எந்த ரகம் என்று நீங்களே பார்த்துவிடலாம். ரௌட்டரிலிருந்து இணைய வயரை மட்டும் பிடுங்குங்கள், வைஃபை ஓடட்டும். கேமராவுக்கு முன்னால் நடந்துவிட்டு, பிறகு வயரைச் செருகிப் பாருங்கள். அந்த நேரத்துப் பதிவு 'ஆள்' என்ற குறிப்போடு கார்டில் இருந்தால், அடையாளம் கண்டது பெரும்பாலும் கேமராவேதான். அடுத்து, ரௌட்டரின் செயலியில் ஒவ்வொரு கருவியும் எவ்வளவு டேட்டா அனுப்பியது என்று பாருங்கள். 20 விநாடி வீடியோ சுமாராக 5 மெகாபைட். நாளுக்கு 30 பேர் வந்து எல்லாமே வெளியே போனால் 150 மெகாபைட் ஆகும், கண்ணில் படாமல் போகாது. நீங்கள் நேரலை பார்க்காத நாளில் இதைச் செய்யுங்கள். சிறுபடங்கள் மட்டும் இந்தக் கணக்கில் சிக்காது. 30 படம் சேர்ந்தாலும் ஓரிரு மெகாபைட்தான், கேமரா சும்மா இருக்கும்போது அனுப்பும் டேட்டாவோடு கலந்துவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. திருடன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் மெமரி கார்டும் அவனோடு போய்விடும். பதிவை வீட்டுக்குள் தனிப்பெட்டியில் சேமிக்கும் மாடல்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நோட்டிஃபிகேஷனில் படம் வருமா, அதை நிறுத்த முடியுமா? நிறுத்தும் வசதி இருந்தால், மாட்டிய அன்றே எழுத்துச் செய்தி மட்டும் வரும்படி மாற்றிவிடுங்கள்.