ஷாக்: விரிவுரைக் குறிப்பு பாய்வுப்படமாகும் விதம்

மருத்துவக் கல்லூரி விரிவுரைக் குறிப்புகளில் ஷாக் பற்றிய பாடம் பெரும்பாலும் நோயின் பெயரிலிருந்தே தொடங்கும். ரத்தமோ நீரோ குறைந்து வருவது, இதயம் தளர்ந்து வருவது, கிருமித் தொற்றால் வருவது என மூன்று தலைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் காரணம், அறிகுறி, சிகிச்சை என்று வரிசை போகும். தேர்வுக்கு இது போதும். ஆனால் நோயாளி தலைப்போடு வருவதில்லை. வெளிறிய முகத்தோடும் குழறிய பேச்சோடும் வருகிறார். ஆகவே குறிப்பைப் பாய்வுப்படமாக்குவது என்றால் அந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான். அறிகுறி முதல் கட்டத்திலும் நோயின் பெயர் கடைசிக் கட்டத்திலும் வரவேண்டும்.

முதல் கட்டத்தில் ஒரே கேள்வி: இது ஷாக்தானா? திசுக்களுக்குப் போதிய ரத்தம் போகாத நிலையே ஷாக். மேல் அழுத்தம் 90-க்குக் கீழே, அல்லது சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே இருப்பது ஓர் அடையாளம். கீழ் அளவோடு, இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் சராசரி கிடைக்கும். அழுத்தத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். திடகாத்திரமான இளைஞர் உடலின் ரத்தத்தில் கால் பங்கை இழந்த பிறகும் அழுத்தம் விழாமல் இருக்கலாம். அதனால் விரல் நுனியை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகிறதா, சிறுநீர் குறைந்ததா, மனம் கலங்கியிருக்கிறதா என்பவையும் இதே கட்டத்தில் இடம்பெற வேண்டும்.

இரண்டாம் கேள்விக்குக் கருவி தேவையில்லை. நோயாளியின் கை சூடாக இருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா? தொற்றில் ரத்தக் குழாய்கள் விரிந்துவிடுவதால் தொடக்கத்தில் கை கதகதப்பாகவும் நாடி துள்ளலாகவும் இருக்கும். மற்ற இரண்டிலும் உடல் குழாய்களைச் சுருக்கிக்கொள்வதால் கை குளிர்கிறது. கை குளிர்ந்திருந்தால் மூன்றாம் கேள்வி: தலையை 45 பாகை உயர்த்திப் படுக்கவைத்தால் கழுத்துச் சிரை புடைத்திருக்கிறதா? தட்டையாக இருந்தால் உள்ளே நீர் குறைவு என்று பொருள். புடைத்திருந்து, நுரையீரலில் நீர் கோத்த ஒலியும் கேட்டால் இதயமே காரணம். சிரை புடைத்திருந்தும் நுரையீரல் சுத்தமாக இருந்தால் தனியாக ஒரு வழி வரைந்தாக வேண்டும். இதய உறையில் நீர் சேர்தல், மார்புக்குள் காற்று அழுத்துதல், நுரையீரல் குழாயில் ரத்தக் கட்டி, வலப்பக்க மாரடைப்பு ஆகியவை அங்கே காத்திருக்கின்றன. விரிவுரையில் மூன்றே தலைப்பு என்பதற்காக இந்த வழியை விட்டுவிடும் படம் ஆபத்தானது.

இவ்வாறு பிரிப்பதன் பயன் சிகிச்சையில் தெரியும். நீர் குறைந்தவருக்குச் சலைனை விரைந்து ஏற்ற வேண்டும். ரத்தம் போனவருக்கு ரத்தமும், கசிவை நிறுத்துவதும் தேவை. அதே சலைனை இதயம் தளர்ந்தவருக்குத் தாராளமாக ஏற்றினால் நுரையீரல் நிரம்பி மூச்சுத் திணறும். அவருக்கு உடனே ஈசிஜி வேண்டும். மாரடைப்பு என்றால் அடைபட்ட குழாயைத் திறக்க வேண்டும்.

கற்பனையான ஒரு நோயாளியை வைத்துப் படத்தைச் சோதிக்கலாம். 60 வயதுப் பெண், எடை 50 கிலோ. மூன்று நாளாகக் காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், உணவு இறங்கவில்லை. அழுத்தம் 78/48, சராசரி 58. கை குளிர்ந்திருக்கிறது, கழுத்துச் சிரை தட்டை. அம்புக்குறிகளை அப்படியே பின்பற்றினால் விடை 'நீர் குறைவு'. எடைக்குக் கிலோவுக்கு 30 மில்லி வீதம் 1,500 மில்லி சலைன் பகுதி பகுதியாக ஏறிய பின் கை கதகதப்பாகிறது. ஆனால் அழுத்தம் 86/42, சராசரி 57. குறைந்த நீர் நிரம்பியதும், அதுவரை மறைந்திருந்த குழாய் விரிவு வெளிப்பட்டுவிட்டது. இனி நார்அட்ரினலின் தேவை.

இந்தப் பெண் படத்தில் இரண்டு குறைகளைக் காட்டுகிறார். முதலாவது, ஒவ்வொரு சிகிச்சைக் கட்டத்திலிருந்தும் இரண்டாம் கேள்விக்குத் திரும்பும் அம்பு இல்லை. 2016-இல் வந்த சர்வதேச வரையறையும் இதையே உணர்த்துகிறது. போதிய நீர் ஏற்றிய பிறகும் சராசரியை 65-இல் நிறுத்த அழுத்த மருந்து தேவைப்பட்டு, ரத்த லாக்டேட்டும் 2-ஐத் தாண்டினால்தான் அது தொற்று ஷாக். எனவே அந்தப் பெயரை முதல் சுற்றிலேயே உறுதிசெய்ய இயலாது. இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. தொற்று இருக்கிறதா என்ற கேள்வியைச் சூடான கைக்குக் கீழே மட்டும் வைத்ததால், ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டிய ஆன்டிபயாடிக் தள்ளிப்போகிறது. அந்தக் கேள்வி எல்லா வழிகளுக்கும் பொதுவாக, மேலேயே நிற்க வேண்டும். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும் என்பதையும் அதன் அருகில் எழுதிவைப்பது நல்லது.

லாக்டேட், எக்கோ போன்றவற்றை முதல் கட்டங்களில் நுழைப்பது புதிதாக வரைபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. முடிவு வரும்வரை படம் அங்கேயே நின்றுவிடும். கையாலும் கண்ணாலும் அறியக்கூடியவை முதலில் வரட்டும். கருவிகள் அந்த விடையை உறுதிசெய்ய அடுத்து வரட்டும்.