சிக்மா பொத்தான் எந்தக் கட்டங்களைக் கூட்டுகிறது?

எக்செல் திரையின் மேல்பகுதியில் Σ என்ற கிரேக்க எழுத்தோடு ஒரு பொத்தான் இருக்கிறது. Home பட்டையின் வலது ஓரத்தில் ஒன்று, Formulas பட்டையில் இன்னொன்று. பெயர் AutoSum. அதை ஒரு தடவை அழுத்தி Enter தட்டினால் கூட்டுத்தொகை வந்துவிடும். சூத்திரத்தில் ஓர் எழுத்தைக்கூட நாம் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கடைக் கணக்கு, பள்ளி மதிப்பெண், குழுச் சேமிப்பு என்று எக்செல்லைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பழகுவது இந்தப் பொத்தானைத்தான்.

கூட்டுவதில் இது தவறு செய்வதில்லை. எந்தெந்தக் கட்டங்களைக் கூட்டுவது என்று தானாக முடிவு செய்யும்போதுதான் சில நேரம் தவறிப்போகிறது. அந்த முடிவை அது எப்படி எடுக்கிறது என்று தெரிந்துகொண்டால், தவறு நேரும் இடமும் தெரிந்துவிடும்.

பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மாதம் 200 ரூபாய் சேமிக்கிறார்கள், ஆண்டுக்கு 2,400. குழுவின் ஊக்குநர் மூன்று ஆண்டுக் கணக்கை ஒரே தாளில் எழுதியிருக்கிறார். முதல் வரிசையில் தலைப்புகள்: A1-இல் பெயர், B1-இல் 2023, C1-இல் 2024, D1-இல் 2025. அதன் கீழே 2 முதல் 13 வரை உள்ள வரிசைகளில் பன்னிரண்டு பெயர்களும் தொகைகளும். 2024-க்கான மொத்தம் வேண்டும் என்று C14 கட்டத்தில் நின்று Σ-ஐ அழுத்துகிறார்.

விடை 28,800 வர வேண்டும். திரையில் வருவது 30,824.

காரணம் எளிது. AutoSum முதலில் தனக்கு மேலே உள்ள கட்டங்களைப் பார்க்கும். அங்கே எண்கள் இருந்தால், அவை தொடர்ச்சியாக இருக்கும் வரை மேலே ஏறிக்கொண்டே போகும். மேலே எண் இல்லாவிட்டால்தான் இடப்பக்கம் திரும்பும். C1-இல் உள்ள 2024 நம் கண்ணுக்கு ஆண்டு, எக்செல்லுக்கு அதுவும் ஓர் எண். ஆகவே அதையும் சேர்த்து C1 முதல் C13 வரை கூட்டிவிடுகிறது. கூடுதலாக வந்தது 2,024 ரூபாய். ஓர் உறுப்பினரின் ஆண்டுச் சேமிப்பை ஒட்டிய தொகை என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் சந்தேகமே வராது. கையிருப்போடு ஒப்பிடும்போதுதான் இடிக்கும்.

இதைத் தடுக்கும் வாய்ப்பை எக்செல்லே தருகிறது. பொத்தானை அழுத்தியவுடன் விடை வருவதில்லை. தான் கூட்டப்போகும் கட்டங்களைச் சுற்றி நகரும் புள்ளிக்கோடு ஒன்றை எக்செல் வரைந்து காட்டும், கட்டத்துக்குள் =SUM(C1:C13) என்று எழுதிக் காத்திருக்கும். அந்த நிலையில் கோடு தலைப்பையும் சுற்றியிருப்பதைக் கண்டால், C2 முதல் C13 வரை மவுஸால் இழுத்துவிட்டு Enter தட்டினால் போதும், சூத்திரம் தானாகத் திருத்திக்கொள்ளும். வேண்டாம் என்றால் Esc. பலர் Σ-ஐ அழுத்திய வேகத்திலேயே Enter-ஐயும் தட்டிவிடுவதால் அந்தக் கோடு கண்ணில் படாமலே போகிறது.

வெற்றுக் கட்டம் இருந்தால் நேர்வது இதற்கு நேர்மாறு. ஏழாவது உறுப்பினர் அந்த ஆண்டு முழுவதும் சேமிக்கவில்லை, அதனால் C8 காலியாக விடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து ஏறும் AutoSum அந்த வெற்றிடத்தில் நின்றுவிடும். C9 முதல் C13 வரை உள்ள ஐந்து பேரின் தொகை மட்டும், அதாவது 12,000 மட்டும், கிடைக்கும். உண்மையில் பதினோரு பேர் சேமித்தது 26,400. சேமிக்காதவருக்கு 0 என்று எழுதிவைத்தால் இந்தச் சிக்கல் எழாது.

வங்கிக் கணக்கிலிருந்து பதிவிறக்கிய பட்டியலில் இன்னொரு தொல்லை உண்டு. சில எண்கள் எழுத்துகளாகவே பதிவாகியிருக்கும். பார்ப்பதற்கு எண்தான், ஆனால் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மேல் மூலையில் சிறு பச்சை முக்கோணம் தெரியும். SUM அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அந்தக் கட்டத்தின் அருகே வரும் மஞ்சள் குறியை அழுத்தி Convert to Number என்பதைத் தேர்ந்தால் அது எண்ணாகிவிடும்.

மொத்தம் சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தொகைகள் உள்ள கட்டங்களை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்தால், திரையின் அடிப்பட்டையில் Average, Count, Sum மூன்றும் தோன்றும். Count பன்னிரண்டா, Sum நம் மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று ஒரு பார்வை போதும்.

குழுவின் தாளில் மூன்று ஆண்டு மொத்தங்களோடு ஒவ்வோர் உறுப்பினரின் மொத்தமும் வேண்டும். இதற்கு E2, E3 என்று ஒவ்வொன்றாக Σ-ஐ அழுத்திக்கொண்டு போவது ஆபத்து. இரண்டு மூன்று வரிசை போனதும், இடப்பக்கத் தொகைகளை விட்டுவிட்டு, மேலே அப்போதுதான் போட்ட மொத்தங்களையே எக்செல் எடுத்துக்கொள்ளலாம். மேலே உள்ள எண்களுக்குத்தான் அது முன்னுரிமை தருகிறது. மாறாக B2 முதல் E14 வரை, அதாவது தொகைகளோடு காலியான ஒரு வரிசையையும் ஒரு பத்தியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, Σ-ஐ ஒரே ஒரு முறை அழுத்தினால், கீழ் மொத்தங்களும் பக்க மொத்தங்களும் ஒரே நொடியில் நிரம்பிவிடும். எல்லையை நாமே சொல்லிவிடுவதால் தலைப்பு ஆண்டு உள்ளே நுழைய வழியில்லை.

கூட்டலுக்கு அப்பால் போக வேண்டுமானால் Σ-க்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தலாம். சராசரி, எண்ணிக்கை, அதிகபட்சம், குறைந்தபட்சம் ஆகியவை அங்கே இருக்கின்றன. பட்டியலின் கடைசியில் More Functions. அது இட்டுச்செல்லும் இடம்தான் Insert Function என்ற பெட்டி. சூத்திரப் பட்டையின் இடப்பக்கம் உள்ள fx குறியை அழுத்தினாலும், Shift + F3 தட்டினாலும் அதே பெட்டி திறக்கும். Formulas பட்டையின் Function Library பகுதியில் இதே சார்புகள் Financial, Logical, Text, Date & Time என்று வகை பிரித்து அடுக்கப்பட்டிருக்கின்றன.

இந்தப் பெட்டியின் பயனை நம் குழுவின் அடுத்த தேவையை வைத்தே பார்க்கலாம். குழு 5 லட்சம் ரூபாய் கடன் வாங்கப்போகிறது. வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், ஐந்து ஆண்டில் அடைக்க வேண்டும். மாதத் தவணை எவ்வளவு?

புதிய தாளில் B1-இல் 500000, B2-இல் 9%, B3-இல் 60 என்று எழுதிக்கொள்வோம். B4-இல் நின்று fx-ஐ அழுத்தி, Financial வகையில் PMT-ஐத் தேர்ந்து OK கொடுத்தால் Function Arguments என்ற இரண்டாவது பெட்டி வரும். அதில் ஐந்து இடங்கள்: Rate, Nper, Pv, Fv, Type. முதல் மூன்றின் பெயர்கள் தடித்த எழுத்தில் இருக்கும், அவற்றை நிரப்பியே ஆக வேண்டும். மற்ற இரண்டும் நம் விருப்பம். எந்த இடத்தில் நிற்கிறோமோ அதற்கான விளக்கம் பெட்டியின் கீழ்ப்பகுதியில் தோன்றும்.

Rate-இல் நின்று B2 கட்டத்தை மவுஸால் தொட்டு, அதன் பின்னால் /12 மட்டும் சேர்க்க வேண்டும். தவணை மாதாமாதம் என்பதால் வட்டியும் மாதக் கணக்கில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே 0.0075 என்று அதன் மதிப்பு தெரியும். Nper-க்கு B3, Pv-க்கு B1. மூன்றாவது இடம் நிரம்பியதுமே பெட்டியின் அடியில் Formula result என்ற இடத்தில் விடை வந்துவிடும், OK அழுத்தும் முன்பே. கட்டத்தில் எக்செல் தானே எழுதிக்கொள்ளும் சூத்திரம் இது:

```
=PMT(B2/12,B3,B1)
```

விடை கழித்தல் குறியோடு 10,379.18. பணம் நம் கையைவிட்டுப் போகிறது என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது. அறுபது மாதத்தில் கட்டுவது ஏறக்குறைய 6,22,751 ரூபாய், அதில் வட்டி 1,22,751.

இந்தப் பெட்டி கேட்ட இடங்கள் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும், நிரப்பியதன் பொருள் சரியா என்று பார்க்காது. /12 போட மறந்தால் அது எந்த எச்சரிக்கையும் தராமல் 45,257 ரூபாய் என்று விடை சொல்லும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் குழுவால் இந்தக் கடனைத் தாங்கவே முடியாது என்று தோன்றும். அசலை மாதங்களால் வகுத்துப் பார்த்தால் 8,333 ரூபாய். ஒன்பது சதவீத வட்டிக்குத் தவணை அதைவிட ஓரளவுதான் கூட வேண்டும், ஐந்து மடங்குக்கு மேல் போக வழியே இல்லை. அப்படி ஒரு விடை வந்தால் அந்தக் கட்டத்திலேயே நின்று மறுபடி fx-ஐ அழுத்தலாம். நிரப்பிய பெட்டி அப்படியே திரும்பத் திறக்கும், Rate-க்குப் பக்கத்தில் 0.0075 இருக்க வேண்டிய இடத்தில் 0.09 இருப்பது கண்ணில் பட்டுவிடும்.

PMT போடும் கணக்கு, அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறைக்கானது. கடன் கொடுப்பவர் ஒருவர் வட்டி 9 சதவீதம்தான் என்று சொல்லிவிட்டு, மாதத் தவணை 12,083 ரூபாய் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தொடக்க அசல் 5 லட்சத்துக்கும் ஐந்து ஆண்டு முழுவதற்கும் வட்டி போட்டிருக்கிறார். 2,25,000 ரூபாய் வட்டியை அசலோடு கூட்டி அறுபதால் வகுத்த தொகை அது. பிளாட் ரேட் என்று சொல்லப்படுவது இதுதான்.

இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க அதே Financial வகையில் RATE இருக்கிறது. Nper-க்கு 60, Pmt-க்கு -12083, Pv-க்கு 500000. Pmt-இல் கழித்தல் குறியை விட்டுவிட்டால் #NUM! என்ற பிழைதான் வரும், ஏனென்றால் பணம் வருவதும் போவதும் எதிரெதிர்க் குறிகளில் இருக்க வேண்டும். விடை மாத வட்டி. கட்டத்தில் அது வெறும் 1% என்று சுருங்கித் தெரிந்தால், Home பட்டையில் தசம இடத்தைக் கூட்டும் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும். 1.31% என்று தெரியும். சூத்திரத்தின் கடைசியில் *12 சேர்த்தால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 15.7 சதவீதம். கையெழுத்துப் போடும் முன் குழு அந்தக் கடன்காரரிடம் விளக்கம் கேட்க வேண்டிய எண் இது.