தாளத்தை முந்தும் விரல்

இசை காதில் விழுந்ததும் நம் விரல்கள் மேசையில் தாளமிடத் தொடங்குகின்றன. ஒலியைக் கேட்டபின் அதற்கு எதிர்வினையாக உடல் அசைகிறது என்றே நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியன்று என்பதை ஓர் எளிய சோதனை காட்டிவிடும். கல்லூரியில் இப்பொருள் குறித்து ஆய்வறிக்கை எழுதும் மாணவர்கள் வீட்டிலேயே அதைச் செய்து பார்க்கலாம்.

மெட்ரோனோம் கருவியை நிமிடத்திற்கு 100 துடிப்புகள் என அமைத்தால், 0.6 நொடிக்கு ஒரு முறை ஒலி எழும். ஒவ்வோர் ஒலிக்கும் மேசையை விரலால் தட்ட வேண்டும். பின்னர் இடைவெளி ஒழுங்கின்றி மாறும் ஒலிகளுக்கும் அவ்வாறே தட்ட வேண்டும். ஒழுங்கற்ற ஒலிகளுக்கு விரல் ஏறத்தாழ 0.15 முதல் 0.2 நொடி வரை பிந்தும். கேட்டபின் அசைவதற்கு அவ்வளவு நேரம் தேவை. சீரான ஒலிகளுக்கோ விரல் பிந்துவதில்லை. பெரும்பாலோருக்கு ஒரு நொடியின் நூறில் சில பங்கு முந்தியே விழுகிறது. இடையில் ஓர் ஒலியை நீக்கினாலும் விரல் உரிய கணத்தில் தட்டிவிடும். ஆகவே, மூளை அடுத்த துடிப்பை முன்கூட்டியே கணித்துக் காத்திருக்கிறது.

அளவிடுவதில் ஒரு கவனம் தேவை. கைப்பேசியின் தொடுதிரையும் கம்பியில்லா ஒலிபெருக்கியும் தாமதத்தைப் புகுத்தி, முந்தியதைப் பிந்தியதாகக் காட்டக்கூடும். மெட்ரோனோம் ஒலியையும் தட்டும் ஒலியையும் அருகில் வைத்த ஒரே ஒலிவாங்கியில் பதிவுசெய்து ஒப்பிட்டால் இப்பிழை நேராது.

இக்கணிப்பு மூளையில் எங்கு நிகழ்கிறது? ஜெசிகா கிரான், மேத்யூ பிரெட் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தாளத்துடிப்பு தெளிவாக உணரப்படும் ஒலிகளைக் கேட்கையில், உடலை அசைக்கத் திட்டமிடும் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டமை தெரியவந்தது. கேட்டவர்கள் ஒலிக்கேற்ப அசையாதபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. தாளம் உணர்வதும் அசைவுக்கு ஆயத்தமாவதும் பிணைந்திருப்பதாலேயே கால் தானாக ஆடுகிறது. இதற்கு எல்லையும் உண்டு: இடைவெளி ஏறத்தாழ 2 நொடியைத் தாண்டினால் கணிப்பு தளர்ந்து, நாம் ஒலிக்குக் காத்திருந்து தட்டத் தொடங்குகிறோம்.

இவ்வாற்றல் மனிதருக்கு மட்டும் உரியதா? அமெரிக்காவில் வளர்ந்த ஸ்னோபால் என்னும் கொண்டைக்கிளியைக் கொண்டு அனிருத் படேல் குழுவினர் 2009இல் இதை ஆராய்ந்தனர். பாடலின் வேகத்தை மாற்றியபோது, தொடர்ந்து அல்லாமல் இடையிடையே என்றாலும், கிளி தன் ஆட்டத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லும் திறனே தாள உணர்வுக்கு அடிப்படை என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது. ஆனால், 2013இல் ரோனன் என்னும் கடற்சிங்கம் பயிற்சிக்குப்பின் தாளத்திற்குத் தலையசைத்தது. கடற்சிங்கங்கள் ஒலியைப் போலச் செய்வதில் தேர்ந்தவையாக அறியப்படாதவை. எனவே அக்கருத்து இன்றும் விவாதத்திற்குரியதாகவே உள்ளது.