பச்சை மாறாத பீன்ஸ், பட்டாணி... கொதிநீரில் மூன்று நிமிடக் கணக்கு!

மலைத்தோட்டத்தில் பீன்ஸும் பட்டாணியும் ஒரே சமயத்தில் காய்க்கு வரும். மண்டியில் விலை சரிந்துவிட்டால், பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது. இரண்டு மாதம் கழித்து அதே காயைக் கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் நிலை வரும். இதைப் பார்த்துச் சலித்த சில குடும்பங்கள், வீட்டுத் தேவைக்கான காயையாவது டீப் ஃப்ரீசரில் போட்டு வைக்கின்றன. ஆனால், ஒன்றிரண்டு மாதங்களில் பீன்ஸ் மங்கிப் பாசி நிறமாகிவிடுகிறது. பட்டாணியில் காய்ந்த வைக்கோல் வாசனை அடிக்கிறது. சமைத்தால் சவசவவென்று இருக்கிறது. 'ஃப்ரீசர் சரியில்லை' என்று பழியை இயந்திரத்தின் மீது போடுகிறார்கள்.

பெரும்பாலும் குறை ஃப்ரீசரில் இல்லை. காய் அதற்குள் போவதற்கு முந்தைய சில நிமிடங்களில்தான் இருக்கிறது.

குளிர் மட்டும் ஏன் போதாது?

பறித்த பிறகும் காய்க்குள் வேலை நின்றுவிடுவதில்லை. நொதிகள் எனப்படும் இயற்கைப் பொருள்கள் அதனுள் தொடர்ந்து இயங்குகின்றன. பட்டாணியின் இனிப்பு மாவாக மாறுவதும், பச்சையம் சிதைவதும், காயில் இருக்கும் சிறிதளவு கொழுப்பு கெட்டு வைக்கோல் வாசனை வருவதும் இவற்றின் வேலைதான். குளிர் இந்த நொதிகளை மெதுவாக்கும், அழிக்காது. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில்கூட அவை கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்துகொண்டே இருக்கும். சில வாரங்கள் கடந்ததும் அதன் விளைவு வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

இவற்றை அழிப்பது சூடு. அதனால்தான் உறைய வைப்பதற்கு முன்பு காயைக் கொதிநீரில் குறிப்பிட்ட நேரம் மட்டும் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆற வைக்கிறார்கள். இதற்குத்தான் 'பிளாஞ்சிங்' என்று பெயர். இது சமையல் அல்ல. காயின் நடுப்பகுதி வரை சூடு ஏற வேண்டும். ஆனால், காய் வெந்துவிடக் கூடாது.

நேரம் கூடினால் காய் குழையும், நிறம் மங்கும், சத்து தண்ணீரில் கரையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நேரம் குறைந்தால் வரும் கேடு பலருக்குத் தெரிவதில்லை. அரைகுறைச் சூட்டில் காயின் திசு இளகி, அதுவரை தனித்தனியாக இருந்த நொதியும் மற்ற பொருள்களும் ஒன்றாகக் கலந்துவிடும். நொதியோ அழியாமல் இருக்கும். அதனால், கொதிநீரில் போடாமலே வைத்த காயைவிட, அரைகுறையாகப் போட்டெடுத்த காய் சீக்கிரம் கெடும்.

எத்தனை நிமிடம்?

சமவெளியில், உரித்த பச்சைப் பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், பீன்ஸுக்கு 3 நிமிடம், சிறு துண்டுகளாக நறுக்கிய கேரட்டுக்கு 2 நிமிடம் போதும். காயைப் போட்டதும் கொதி அடங்கும். மறுபடியும் தளதளவென்று கொதி வந்த பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் கொதி திரும்பாவிட்டால், தண்ணீர் அளவுக்கு மேல் காயைப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். அரைக் கிலோ காய்க்கு 4 லிட்டர் தண்ணீர் என்பது நல்ல கணக்கு.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடற்கரை ஊரில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பார்க்க ஒரே கொதிதான், சூடு வேறு. எனவே, 5,000 அடிக்கு மேலுள்ள ஊர்களில் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். அங்கு பட்டாணிக்கு இரண்டரை நிமிடம், பீன்ஸுக்கு 4 நிமிடம். சமவெளிக்கான கணக்கை அப்படியே பின்பற்றினால், அது அரைகுறை பிளாஞ்சிங்காகவே முடியும்.

3 கிலோ பீன்ஸ்... படிப்படியாக!

ஊட்டிப் பக்கம் ஒரு வீட்டில் 3 கிலோ பீன்ஸை உறைய வைப்பதாக எடுத்துக்கொள்வோம்.

காயை அதிகாலையில் பறித்து, அன்றைக்கே முடித்துவிட வேண்டும். ஒடித்தால் 'டக்'கென்று முறியும் இளங்காய்தான் தேவை. விதை புடைத்த காயை ஃப்ரீசர் இளசாக்கிவிடாது. கழுவி, காம்பும் நுனியும் கிள்ளி, நார் இருந்தால் உரித்து, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கலாம். துண்டுகள் ஒரே அளவில் இருந்தால்தான் சூடும் ஒரே மாதிரி ஏறும். கழிவு போக இரண்டே முக்கால் கிலோ வரை மிஞ்சும். அதை அரைக் கிலோ வீதம் ஐந்தாறு பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் 4 லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். ஒரு பங்குக் காயை மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டியோ, கம்பி வலைக் கூடையில் போட்டோ தண்ணீருக்குள் முழுவதும் அமிழ்த்த வேண்டும். கொதி திரும்பியதும் 4 நிமிடம். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே தண்ணீரை அடுத்தடுத்த பங்குகளுக்கும் பயன்படுத்தலாம். குறைந்தால் ஊற்றி, மறுபடியும் கொதித்த பிறகே காயைப் போட வேண்டும்.

வெளியே எடுத்த நொடியே காய் குளிர்ந்த தண்ணீருக்குள் போக வேண்டும். தட்டில் கொட்டி ஆற வைத்தால், உள்ளே இருக்கும் சூட்டிலேயே காய் வெந்துவிடும். பளிச்சென்ற பச்சை மங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு கிலோ காய்க்கு ஒரு கிலோ ஐஸ் என்று வைத்துக்கொள்ளலாம். மலையில் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரே 15 டிகிரிக்குக் கீழே இருந்தால், ஐஸ் இல்லாமல் தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றியே சமாளிக்கலாம். கொதிநீரில் இருந்த நேரம் அளவுக்குக் குளிர்நீரிலும் இருக்க வேண்டும். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால், நடுவிலும் வெதுவெதுப்பு இருக்கக் கூடாது. பச்சைக்காய் மொறுமொறுப்பில் பாதியாவது இருக்க வேண்டும்.

அடுத்து, நீர் வடித்து, பருத்தித் துணியில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஈரம் போக்க வேண்டும். ஈரத்தோடு பையில் போட்டால் எல்லாம் ஒரே பாறையாக ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துண்டுகளைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். கல்போல இறுகியதும், தடிமனான ஃப்ரீசர் பைகளில் ஒரு வேளைச் சமையலுக்கான அளவு போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூட வேண்டும். பையில் தேதி எழுத மறக்கக் கூடாது. பையில் காற்று மிஞ்சினால், காயின் மேல் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த திட்டுகள் வரும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை. ஆனால், சக்கைபோல இருக்கும்.

ஃப்ரீசரின் எல்லை

ஆறிய காய் எவ்வளவு வேகமாக உறைகிறதோ, அவ்வளவு பொடிப்பொடியாகப் பனித்துகள் உண்டாகும். மெதுவாக உறைந்தால் துகள்கள் பெரிதாகி, காயின் திசுவைக் கிழித்துவிடும். சமைக்கும்போது தண்ணீர்விட்டுத் தொளதொளவென்று ஆவது இதனால்தான். தொழிற்சாலைகளில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழான குளிர்காற்றை வீசி, பட்டாணியைத் தனித்தனி மணியாகச் சில நிமிடங்களிலேயே உறைய வைக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசரால் அது முடியாது. அதனால், ஒரே நாளில் ஃப்ரீசரை அடைத்துவிடக் கூடாது. 100 லிட்டர் ஃப்ரீசரில் 24 மணி நேரத்துக்கு 3 முதல் 5 கிலோ வரைதான் புதிய காய் வைக்கலாம். மூட்டைக் கணக்கில் தேங்கும் காய்க்கு இது வழி அல்ல. வீட்டுக்கும், பக்கத்திலுள்ள மெஸ், தங்கும் விடுதிக்கும் கொடுக்கும் அளவுக்குத்தான் சரிப்படும். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். வாங்குபவர் கைக்குப் போகும்வரை காய் உருகாமலும் இருக்க வேண்டும்.

மைனஸ் 18 டிகிரியில் இப்படி வைத்த காய் 8 முதல் 12 மாதங்கள் வரை நன்றாக இருக்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் பொதுவாக அந்த அளவுக்குக் குளிர் கிடைக்காது. அதில் வைத்ததைச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். சமைக்கும்போது உருக வைக்கத் தேவையில்லை. உறைந்த காயை நேராகக் கொதியில் போடலாம். ஏற்கெனவே கொஞ்சம் சூடு கண்ட காய் என்பதால், பச்சைக்காயைவிடச் சீக்கிரமே வெந்துவிடும். உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை. எனவே, வேக வைக்காமல் சாலட்டில் சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

கொதிநீரில் கொஞ்சம் சோடா உப்பு போட்டால் பச்சை நிறம் கூடுமாமே?

நிறம் கூடும். ஆனால், காயின் மேல்பகுதி குழைந்துவிடும், வைட்டமின்களும் சேதமாகும். சரியான நேரமும் உடனடிக் குளிர்ச்சியும் இருந்தால் சோடா தேவைப்படாது. எலுமிச்சை, புளி போன்ற புளிப்புப் பொருள்களும் தண்ணீரில் சேரக் கூடாது. புளிப்பு பட்டால் பச்சை, பாசி நிறமாக மாறிவிடும்.

இட்லிப் பானை ஆவியில் செய்யலாமா?

செய்யலாம். தட்டில் ஒரே அடுக்காகத்தான் பரப்ப வேண்டும். கொதிநீருக்குச் சொன்ன நேரத்தைவிட ஒன்றரை மடங்கு நேரம் வேண்டும். சமவெளியில் பீன்ஸுக்கு நாலரை நிமிடம். சத்து தண்ணீரில் கரைவது குறையும். ஆனால், காயைக் குவித்து வைத்தால் நடுவில் இருப்பவற்றுக்குச் சூடு போகாது. பழகும்வரை கொதிநீர் முறையே நம்பகமானது.

மின்சாரம் போனால் எல்லாம் வீணாகிவிடுமா?

நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். முக்கியமானது, 'பார்க்கலாமே' என்று அடிக்கடி திறக்காமல் இருப்பது. மின்சாரம் வந்த பிறகு பையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே பனித்துகள் மிச்சமிருந்தால் மறுபடியும் உறைய விடலாம். மென்மை கொஞ்சம் போகும், அவ்வளவுதான். முழுவதும் உருகி, சில்லிப்பு மட்டும் மிச்சமிருந்தால் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். அறைச் சூட்டுக்கு வந்து, எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று தெரியாத காயை எருக்குழியில் கொட்டுவதுதான் சரி.