நன்றிக் கடிதத்தில் என்ன எழுதுவது?

அமெரிக்காவைச் சேர்ந்த பேட்ரிக் பார்ன்ஸ் 1999-இல் தன் 33-ஆவது வயதில் இறந்துபோனார். அவருக்கு வந்தது ஐ.டி.பி. என்ற நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தியே ரத்தத்திலுள்ள தட்டணுக்களை அழித்துவிடும். அவை குறைந்தால் ரத்தம் உறையாது. லேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகும்.

எட்டு வாரம் மருத்துவமனையில் கூடவே இருந்த குடும்பத்தார், அவர் இறந்த பிறகு பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கு நன்றி சொல்ல விரும்பினார்கள். அப்படித் தொடங்கியதுதான் டெய்சி விருது. இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் அது வழங்கப்படுகிறது. நோயாளியோ உறவினரோ ஒரு நர்ஸைப் பற்றி எழுதித் தரும் அனுபவம்தான் அதற்கு அடிப்படை. விருதோடு இலவங்கப்பட்டை ரொட்டியும் பரிமாறுவார்கள். சாப்பாடே இறங்காமல் கிடந்த பேட்ரிக், அப்பா வாங்கி வந்த அந்த ரொட்டியை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு நர்ஸ்களுக்கும் சேர்த்து வாங்கி வரச் சொன்னாராம்.

விருது இல்லாத மருத்துவமனையிலும் கடிதம் எழுதலாம். நம்மில் பலர் டிஸ்சார்ஜ் அன்று, ‘அனைவரும் நன்றாகக் கவனித்தார்கள், மிக்க நன்றி’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுகிறோம். மனமார எழுதியதுதான். ஆனால் யார், என்ன செய்தார் என்பது அதில் இல்லாததால், அந்த நர்ஸுக்கு அது பயன்படுவதில்லை.

கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். தட்டணு குறைந்த நோயாளியையே எடுத்துக்கொள்வோம். ஊசியை எடுத்ததும் நர்ஸ் பஞ்சை வைத்து ரத்தம் நிற்கும்வரை சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்கிறார். ஈறு கசியாதபடி மெத்தென்ற பிரஷ்ஷால் பல் துலக்கிவிடுகிறார். தோலில் புதிதாகச் சிவப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றனவா என்று பார்த்து, வந்திருந்தால் டாக்டரிடம் சொல்கிறார். சொந்தக்காரர்களுக்கு இவை சின்ன வேலைகளாகத் தெரியலாம். உயிரைக் காப்பவை இவைதான். எனவே கடிதம் இப்படி இருக்கலாம்: “செவ்வாய் இரவு, மூன்றாவது வார்டில் பணியிலிருந்த சிஸ்டர், அப்பாவின் காலில் புள்ளிகளைக் கண்டு உடனே டாக்டரை அழைத்தார். அவர் வரும்வரை அம்மாவுக்கு நிலைமையை விளக்கினார்.”

பெயர் தெரியாவிட்டால் தேதி, வார்டு, படுக்கை எண், எந்த ஷிப்ட் என்று எழுதினால் போதும், பணிப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்துப் படுக்கைக்காரரின் நோயைப் பற்றி ஒரு சொல்கூட எழுதக் கூடாது. நோயாளி பிழைக்காமல் போயிருந்தாலும் எழுதலாம். பார்ன்ஸ் குடும்பம் அப்படித்தானே செய்தது! அந்தக் கடிதத்தை எழுதச் சில மாதங்கள் ஆனாலும் தவறில்லை.

கடிதத்தை நர்சிங் சூப்பிரண்டண்ட் பெயருக்கு எழுதி, நகலொன்றை அந்த சிஸ்டரிடம் கொடுங்கள். உறவினர் யாராவது இப்போது வார்டில் இருந்தால், பார்த்துக்கொள்ளும் சிஸ்டரின் பெயரை இன்றே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.